எளிய அறிவிப்பே சட்டப்படியான அறிவிப்பாக இருக்கட்டும்: ஒரு ரத்தப் பரிசோதனை நிறுவனத்துக்குத் திறந்த மடல்

நிர்வாக இயக்குநருக்கும் சட்டப் பிரிவினருக்கும்,

உங்கள் மையங்களில் பரிசோதனைக்கு வருபவர்களிடம் சம்மதம் வாங்கும் தனியுரிமை அறிவிப்பை எளிய தமிழில் திருத்தி எழுதித் தரும்படி என்னிடம் கேட்டீர்கள். எழுதித் தந்தேன். மையத்துக்கு வந்தவர்களிடம் படிக்கக் கொடுத்து, அவர்கள் தடுமாறிய இடங்களை மாற்றி மறுபடியும் தந்தேன். இப்போது சட்டப் பிரிவிலிருந்து ஒரு முடிவு வந்திருக்கிறது. பழைய ஆறு பக்க அறிவிப்பே தொடருமாம். நான் எழுதியது 'விளக்கக் குறிப்பு' என்ற பெயரில் கவுண்டரில் வைக்கப்படுமாம். அதன் அடியில், 'முரண்பாடு ஏற்பட்டால் ஆங்கில மூலமே செல்லும்' என்று ஒரு வரி சேர்க்கப்படுமாம். எளிய நடையில் எழுதினால் சட்டம் கேட்கும் விவரம் ஏதாவது விடுபட்டுவிடும், நிறுவனத்துக்குப் பாதுகாப்பு போய்விடும் என்பது காரணமாகச் சொல்லப்பட்டது.

இதை நான் ஏற்கவில்லை. சட்டம் கேட்கும் விவரங்கள் விடுபட்டிருப்பது பழைய அறிவிப்பில்தான். ஆறு பக்க நீளமும் சட்ட நடையும் அதை இத்தனை காலம் கண்ணில் படாமல் வைத்திருந்தன. வரி வரியாகக் காட்டுகிறேன்.

முதலில், சட்டம் என்ன கேட்கிறது என்பது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இன் 5-ஆம் பிரிவும், 2025 நவம்பரில் வெளியான விதிகளில் 3-ஆம் விதியும் அறிவிப்பில் இருக்க வேண்டியவற்றைச் சொல்கின்றன. அந்தப் பட்டியல் சிறியது. என்னென்ன தகவல் வாங்குகிறீர்கள் என்பதை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். எதற்காக, அதை வைத்து என்ன சேவை தருவீர்கள் என்று சொல்ல வேண்டும். சம்மதத்தை எப்படித் திரும்பப் பெறுவது, சட்டம் தரும் மற்ற உரிமைகளை எப்படிப் பயன்படுத்துவது, தரவுப் பாதுகாப்பு வாரியத்தில் எப்படிப் புகார் செய்வது என்று வழி காட்ட வேண்டும். கேள்வி இருந்தால் யாரிடம் கேட்பது என்பதும் சம்மதம் கேட்கும் இடத்திலேயே இருக்க வேண்டும். இவ்வளவையும் தெளிவான, எளிய மொழியில், வேறு எந்த ஆவணத்தையும் புரட்டாமலே புரிகிற மாதிரி தர வேண்டும். ஆங்கிலத்திலோ அரசமைப்புச் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள எந்த மொழியிலோ படிக்கும் வாய்ப்பும் தர வேண்டும். தமிழ் அந்த அட்டவணையில் இருக்கிறது.

ஆக, எளிமை என்பது இங்கே கூடுதல் நற்செயல் அல்ல. தகவல் பட்டியலைப் போலவே அதுவும் சட்டத்தின் நிபந்தனை.

நான் வேலையைத் தொடங்கியது மொழியில் அல்ல. ஒரு தாளில் இடப்பக்கம் சட்டம் கேட்கும் ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டேன். பழைய அறிவிப்பின் ஒவ்வொரு வாக்கியத்தையும் எடுத்து, இது இடப்பக்கத்தில் எதற்குப் பதில் சொல்கிறது என்று வலப்பக்கத்தில் பொருத்தினேன். எதற்கும் பதில் சொல்லாத வாக்கியங்களைத் தனியாக வைத்தேன். முடித்துப் பார்த்தபோது ஆறு பக்கங்களில் பெரும்பகுதி அந்தத் தனிக் குவியலில் கிடந்தது. சாம்பிள் நிராகரிக்கப்பட்டால் பணம் திரும்பக் கிடைக்காது என்பது, நிறுவனத்தின் பொறுப்பு எவ்வளவுக்கு மேல் போகாது என்பது, வழக்கை எந்த ஊர் நீதிமன்றத்தில் போடலாம் என்பது, இணையதளத்தின் குக்கீகள் என எல்லாம் அங்கே இருந்தன. இடப்பக்கத்திலோ எதிரே ஒன்றுமே இல்லாத வரிகள் மிஞ்சின. விடுபட்டவை என்று நான் சொல்வது அவற்றைத்தான்.

முதல் பத்தியை எடுத்துக்கொள்வோம். பழைய வாசகம் இது:

'பெயர், முகவரி, தொடர்பு எண் உள்ளிட்ட, ஆனால் இவற்றோடு மட்டும் வரையறுக்கப்படாத, நிறுவனம் அவ்வப்போது அவசியமெனக் கருதும் பிற தனிப்பட்ட தகவல்களைத் தாங்கள் வழங்குவதற்கு இதன்மூலம் சம்மதிக்கிறீர்கள்.'

எதையும் விட்டுவிடாத வாசகம் என்று சட்டப் பிரிவு இதற்கு வாதாடியது. சட்டமோ தகவல்களை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்கிறது. 'அவசியமெனக் கருதும் பிற தகவல்கள்' என்பது எந்தத் தகவலையும் சொல்லவில்லை. போதாததற்கு 6-ஆம் பிரிவு, சம்மதம் என்பது சொன்ன நோக்கத்துக்குத் தேவையான தகவலுக்கு மட்டுமே பொருந்தும் என்கிறது. சட்டத்திலேயே உதாரணம் இருக்கிறது: தொலைமருத்துவச் செயலி ஒன்று, போனில் உள்ள தொடர்பு எண்களை எடுக்கவும் சேர்த்துச் சம்மதம் வாங்கினால், மருத்துவ ஆலோசனைக்கு அந்த எண்கள் தேவையில்லை என்பதால் அந்தச் சம்மதம் அதற்குச் செல்லாது. உங்களுக்குப் பாதுகாப்பு என்று நீங்கள் நம்பும் அந்த அகலமான வாசகம், தேவைக்கு மேல் உள்ள எதையும் காப்பாற்றாது.

எளிய வடிவம் எழுத உட்கார்ந்தபோது ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் 'ஏன்' என்று எழுத வேண்டியிருந்தது. மொபைல் எண் எதற்கு? ரிப்போர்ட் தயாரானதும் லிங்க் அனுப்ப. வயதும் பாலினமும்? ஹீமோகுளோபின் போன்றவற்றின் இயல்பான அளவு ஆணுக்கும் பெண்ணுக்கும் வயதுக்கும் ஏற்ப மாறுவதால். முகவரி? வீட்டுக்கு வந்து ரத்தம் எடுப்பதாக இருந்தால் மட்டும். அப்புறம் தொழில், ஆண்டு வருமானம், திருமண நிலை என்று உங்கள் படிவத்தில் மூன்று கட்டங்கள் இருந்தன. அவற்றுக்கு எதிரே எழுத எனக்கு ஒரு வாக்கியம் தாருங்கள் என்று ஆய்வகப் பொறுப்பாளரிடமும் பில்லிங் பிரிவிலும் கேட்டேன். யாராலும் தர முடியவில்லை. பழைய வாசகத்தில் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. வரியை எளிமையாக்கியதால்தான் தேவையில்லாமல் வாங்கிக்கொண்டிருந்த மூன்று தகவல்கள் வெளியே தெரிந்தன.

இப்போது அந்தப் பத்தி இப்படி இருக்கிறது:

'உங்களிடம் நாங்கள் வாங்குவது: பெயர், வயது, பாலினம், மொபைல் எண், மருத்துவர் எழுதிய பரிசோதனைச் சீட்டு. வீட்டில் வந்து சாம்பிள் எடுப்பதாக இருந்தால் முகவரி. உங்கள் சாம்பிளிலிருந்து கிடைக்கும் முடிவுகளும், நீங்கள் பணம் கட்டிய விவரமும் எங்களிடம் இருக்கும். இவற்றைக் கொண்டு பரிசோதனை செய்து, ரிப்போர்ட்டையும் பில்லையும் உங்களுக்குத் தருவோம்.'

இதில் எது விடுபட்டது என்று சட்டப் பிரிவு சொல்லட்டும்.

அடுத்தது நோக்கம். 'சேவை மேம்பாடு, வணிக நடவடிக்கைகள், விளம்பரத் தொடர்பு உள்ளிட்ட நோக்கங்களுக்காக' என்று பழைய அறிவிப்பு எல்லாவற்றையும் ஒரே கையெழுத்தில் கட்டிப்போடுகிறது. சர்க்கரை அளவு பார்க்க வந்தவர், முழு உடல் பரிசோதனைப் பேக்கேஜ் பற்றி மாதாமாதம் மெசேஜ் வருவதற்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார். இரண்டையும் பிரித்தேன். பரிசோதனைக்கு ஒரு சம்மதம். விளம்பர மெசேஜுக்குத் தனியாக ஒரு கட்டம், முன்கூட்டியே டிக் செய்யப்படாதது. 'இதற்கு வேண்டாம் என்று சொன்னாலும் உங்கள் பரிசோதனையும் ரிப்போர்ட்டும் வழக்கம்போல் கிடைக்கும்' என்ற வரியை அந்தக் கட்டத்துக்கு மேலேயே வைத்தேன். ஏன் மேலே என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

சம்மதத்தைத் திரும்பப் பெறுவதுதான் மிக மோசமான பத்தி. உங்களிடம் சம்மதம் கொடுப்பதற்கு ஒரு ஓடிபி போதும். அதைத் திரும்பப் பெற, பழைய அறிவிப்பின்படி, பதிவு அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் எழுத்துமூலம் தெரிவித்து, நிறுவனம் ஏற்றுக்கொள்ளும் வரை காத்திருக்க வேண்டும். கொடுப்பது எவ்வளவு எளிதோ திரும்பப் பெறுவதும் அதற்கு ஈடாக எளிதாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். இந்த இடத்தில் என்னால் வாக்கியத்தை மட்டும் மாற்றி எழுத முடியவில்லை, ஏனென்றால் எழுதுவதற்கு உண்மையில் ஒரு வழி இருக்க வேண்டும். உங்கள் ஐடி பிரிவிடம் பேசியபோது, ஓடிபி வரும் அதே பக்கத்தில் இன்னொரு பொத்தான் வைப்பதில் தொழில்நுட்பச் சிக்கல் எதுவும் இல்லை என்றார்கள். ஸ்மார்ட்போன் இல்லாதவர்கள் எந்த மையத்தின் கவுண்டரிலும் சொல்லலாம் என்பதையும் சேர்த்தோம். அந்தப் பொத்தானை இன்றுவரை வைக்கவில்லை. எளிய அறிவிப்பு 'விளக்கக் குறிப்பு' ஆக்கப்பட்டதோடு அந்த வேலையும் நின்றுவிட்டது என்று அறிகிறேன்.

உரிமைகளைப் பற்றிப் பழைய அறிவிப்பில் ஒரே வரி: 'பொருந்தக்கூடிய சட்டங்களின் கீழான உரிமைகள் தங்களுக்கு உண்டு.' எந்த உரிமைகள், எப்படிக் கேட்பது, யாரிடம் கேட்பது, ஒன்றும் இல்லை. சட்டப்படி ஒருவர், தன்னைப் பற்றி என்ன தகவல் வைத்திருக்கிறீர்கள், யாருக்குக் கொடுத்தீர்கள் என்று உங்களிடம் கேட்கலாம். தவறைத் திருத்தச் சொல்லலாம். அழிக்கச் சொல்லலாம். தான் இறந்தாலோ இயலாமல் போனாலோ இந்த உரிமைகளைத் தன் சார்பில் பயன்படுத்த ஒருவரை நியமிக்கலாம். உங்களிடம் குறை தீராவிட்டால் வாரியத்துக்குப் போகலாம். உங்களுக்குப் பதில் சொல்ல அதிகபட்சம் 90 நாள். இவற்றில் ஒன்றுகூட அந்த ஆறு பக்கங்களில் இல்லை. மாறாக, எந்தத் தகராறும் நடுவர் தீர்ப்புக்கே விடப்படும், வேறு எந்த அமைப்பையும் அணுகும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்கள் என்று ஒரு வரி இருக்கிறது. வாரியத்தில் புகார் செய்யும் உரிமையை விட்டுக்கொடுக்கச் செய்யும் சம்மதம் செல்லாது என்பதற்கும் சட்டத்தில் உதாரணமே உண்டு. அதை அப்படியே வைத்துக்கொண்டு, எளிய அறிவிப்பில் பாதுகாப்பு இல்லை என்று சொல்கிறீர்கள்.

சட்டப் பிரிவின் பயத்தில் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். எளிமை என்ற பெயரில் பொய் நுழைந்துவிடும் அபாயம் உண்மையானது. உங்கள் விளம்பரப் பிரிவு எனக்கு அனுப்பிய மாதிரி வாசகத்தில் இரண்டு வரிகள் இருந்தன: 'உங்கள் விவரங்களை யாருக்கும் தரமாட்டோம்', 'நீங்கள் கேட்டால் எல்லாவற்றையும் உடனே அழித்துவிடுவோம்.' இரண்டும் படிக்க இதமாக இருக்கின்றன. இரண்டும் உண்மையல்ல.

யாருக்கும் தரமாட்டோம் என்று எப்படிச் சொல்வது? சில சிறப்புப் பரிசோதனைகளுக்குச் சாம்பிளும் பெயரும் வேறொரு ஆய்வகத்துக்குப் போகின்றன. எஸ்எம்எஸ் அனுப்பும் நிறுவனத்திடம் மொபைல் எண் போகிறது. காசநோய் இருப்பது தெரிந்தால் அரசு சுகாதாரத் துறைக்குத் தெரிவிப்பது 2012 முதல் கட்டாயம். 2018-இல் வந்த அறிவிக்கை பரிசோதனைக் கூடங்களையும் குறிப்பிட்டே சொல்கிறது. நோயாளி 'வேண்டாம்' என்றாலும் அது நிற்காது. அழிப்பதும் அப்படியே. வேறு சட்டம் ஏதாவது வைத்திருக்கச் சொன்னால் அந்தக் காலம் முடியும் வரை அழிக்க முடியாது, சம்மதத்தைத் திரும்பப் பெறுவதற்கு முன் செய்த வேலையும் அதனால் தவறாகிவிடாது. ஆகவே நான் எழுதியது இது:

'சில பரிசோதனைகளை எங்களால் செய்ய முடியாது. அப்போது உங்கள் சாம்பிளையும் பெயரையும் வேறு ஆய்வகத்துக்கு அனுப்புவோம். எந்த ஆய்வகம் என்று கேட்டால் சொல்வோம். காசநோய் போன்ற சில நோய்கள் தெரியவந்தால் அரசுக்குத் தெரிவிக்கச் சட்டம் சொல்கிறது. அதற்கு உங்கள் சம்மதம் கேட்கப்படாது. உங்கள் விவரங்களை அழிக்கச் சொன்னால் அழிப்போம். சட்டம் வைத்திருக்கச் சொல்லும் பில் போன்றவற்றை மட்டும் அந்தக் காலம் முடிந்த பிறகே அழிப்போம்.'

விதிவிலக்கு எதையும் மறைக்கவில்லை. 'பொருந்தக்கூடிய சட்டத்தால் தேவைப்படும்பட்சத்தில்' என்ற பழைய வரியைவிட இது அதிகமாகவே சொல்கிறது. தகவல் யார் கைக்குப் போகிறது என்பது அறிவிப்பில் கட்டாயமாகச் சேர்க்க வேண்டியவற்றின் பட்டியலில் தனியாக இல்லை, கேட்டால் சொல்ல வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் சேர்த்தேன். காரணம், கவுண்டரில் நான் உட்கார்ந்திருந்தபோது மக்கள் திரும்பத் திரும்பக் கேட்டது அதைத்தான். வேலைக்குச் சேருமுன் மருத்துவப் பரிசோதனைக்காகத் தொழிற்சாலை அனுப்பிவைத்த ஒரு பெண், 'கம்பெனிக்கு எதெல்லாம் போகும்?' என்று கேட்டார். ஆறு பக்கத்தையும் புரட்டிய உங்கள் ஊழியரால் பதில் சொல்ல முடியவில்லை. 'தொடர்புடைய மூன்றாம் தரப்பினர்' என்ற சொற்களில் அந்தப் பதில் இல்லை. பணம் கட்டுவது நிறுவனம் என்பதால் முழு ரிப்போர்ட்டும் அங்கேதான் போகிறது என்பதை அவர் கையெழுத்துப் போட்ட பிறகு பில்லிங் பிரிவிலிருந்து தெரிந்துகொண்டார். இப்போது அதற்கென்று ஒரு வரி இருக்கிறது: 'உங்கள் பரிசோதனைக்கு உங்கள் நிறுவனம் பணம் கட்டினால், ரிப்போர்ட் அவர்களுக்கும் போகும். அதற்குச் சம்மதமா என்று உங்களிடம் தனியாகக் கேட்போம்.'

படிக்கக் கொடுத்துப் பார்த்ததைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கூட்டக் குறிப்பில் அது 'கருத்துக் கேட்பு' என்று ஒரு சொல்லில் முடிக்கப்பட்டிருக்கிறது. யாரிடமும் 'புரிந்ததா?' என்று நான் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் எல்லோரும் 'புரிந்தது' என்றுதான் சொல்வார்கள். ஊசி போட்டுக்கொள்ள வரிசையில் நிற்பவர் வேறென்ன சொல்வார்? தாளைக் கையில் கொடுத்து, 'மெசேஜ் வர வேண்டாம் என்றால் என்ன செய்வீர்கள்? உங்கள் பெயர் தவறாக இருந்தால் யாரிடம் சொல்வீர்கள்? ரிப்போர்ட் வந்த பிறகு மனம் மாறினால்?' என்று கேட்டேன். பழைய அறிவிப்பை வைத்துக்கொண்டு இவற்றுக்கு விடை கண்டுபிடித்தவர் யாருமில்லை. என் முதல் வரைவிலும் ஒரு இடத்தில் பலர் தடுமாறினார்கள்: விளம்பரக் கட்டத்தை டிக் செய்யாவிட்டால் ரிப்போர்ட் மொபைலுக்கு வராது என்று நினைத்து டிக் செய்தார்கள். பயந்து கொடுக்கும் சம்மதம் சுதந்திரமான சம்மதம் அல்ல. அந்த ஆறுதல் வரியைக் கட்டத்துக்குக் கீழிருந்து மேலே கொண்டுவந்த பிறகு அந்தக் குழப்பம் தீர்ந்தது. வரியின் இடம் மாறியதால் சம்மதத்தின் தன்மையே மாறியது. 'விளக்கக் குறிப்பு' ஆக்கி ஓரமாக வைத்தால் இந்த வேலை முழுதும் வீண், ஏனென்றால் ஓடிபி கேட்பது பழைய அறிவிப்புக்குத்தான்.

ஆங்கில மூலமே செல்லும் என்ற வரிக்கு வருகிறேன். ஒருவர் தமிழில் படித்து ஒன்றுக்குச் சம்மதிக்கிறார். ஆங்கிலத்தில் அதைவிட அகலமான ஒன்று இருக்கிறது. தகராறு வந்தால் அதுதான் அவர் சம்மதித்ததாகக் கொள்ளப்படும் என்கிறீர்கள். அப்படியானால் அவர் அறிந்து சம்மதிக்கவில்லை. அறிவிப்பு முறையாகக் கொடுக்கப்பட்டது, சம்மதம் சட்டப்படி வாங்கப்பட்டது என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது என்று 6-ஆம் பிரிவு சொல்கிறது. அவர் கையில் கொடுத்த தமிழ்த் தாளையே செல்லாது என்று நீங்களே அச்சடித்துவிட்டு, எதை வைத்து நிரூபிப்பீர்கள்? மீறலுக்கு 50 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது என்பதைச் சட்டப் பிரிவுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அவசரமில்லை என்றும் சொல்லப்பட்டது. உண்மைதான், அறிவிப்பு பற்றிய விதி நடைமுறைக்கு வருவது விதிகள் வெளியாகி 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதம். ஆனால் அதற்கு முன்பே சம்மதம் கொடுத்தவர்களுக்கும், சட்டம் நடைமுறைக்கு வந்ததும் கூடிய சீக்கிரம் முறையான அறிவிப்பு தர வேண்டும் என்கிறது 5-ஆம் பிரிவு. இன்று பழைய தாளில் கையெழுத்து வாங்கும் ஒவ்வொருவரையும் அன்று மறுபடி தேடிப் போக வேண்டியிருக்கும். சரியான அறிவிப்பு தயாராகக் கையில் இருக்கும்போது அந்த வரிசையை ஏன் நாளுக்கு நாள் நீட்ட வேண்டும்?

நான் கேட்பவை இவை.

'விளக்கக் குறிப்பு' என்ற முடிவைத் திரும்பப் பெற்று, எளிய வடிவத்தையே ஒரே அறிவிப்பாக ஏற்றுக்கொள்ளுங்கள். ஆங்கில வடிவத்தையும் அதே எளிமையில் எழுதி, இரண்டும் ஒன்றையே சொல்கின்றனவா என்று சரிபாருங்கள். 'ஆங்கில மூலமே செல்லும்' என்ற வரியை நீக்குங்கள். பணம் திரும்பக் கொடுப்பது, நீதிமன்ற எல்லை போன்ற நிபந்தனைகள் உங்களுக்குத் தேவைதான். அவற்றைத் தனித் தாளில் வைத்துக்கொள்ளுங்கள், தனியுரிமை அறிவிப்போடு கலக்க வேண்டாம். வாரியத்தை அணுகும் உரிமையை விட்டுக்கொடுக்கச் செய்யும் வரியை எல்லாத் தாள்களிலிருந்தும் எடுங்கள்.

எளிய வடிவத்தில் ஏதாவது விடுபட்டிருப்பதாகச் சட்டப் பிரிவு இன்னமும் கருதினால், எந்தப் பிரிவு, எந்த விதி கேட்கும் எந்த விவரம் என்று எழுத்தில் தாருங்கள். அப்படி ஒன்று இருந்தால் கட்டணம் இல்லாமல் சேர்த்துத் தருகிறேன். பொதுவாக 'பாதுகாப்பு இல்லை' என்பதை நான் பதிலாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

தொழில், வருமானம், திருமண நிலை கேட்கும் கட்டங்களைப் படிவத்திலிருந்து இந்த மாதமே நீக்குங்கள். இதுவரை வாங்கியவற்றை அழியுங்கள். சம்மதத்தைத் திரும்பப் பெறும் பொத்தானை ஓடிபி பக்கத்தில் வைக்கும் வேலையை மறுபடி தொடங்க ஐடி பிரிவுக்கு உத்தரவு கொடுங்கள். அந்தப் பொத்தான் வேலை செய்யத் தொடங்கும் தேதியை எல்லா மையங்களிலும் கவுண்டருக்கு மேலே ஒட்டுங்கள், கேள்வி கேட்க ஒரு பெயரும் தொலைபேசி எண்ணும் சேர்த்து.

இப்படிக்கு,
உங்கள் அறிவிப்பைத் திருத்தி எழுதிய ஆவண எழுத்தாளர்